டெண்டருக்கு பேங்க் கேரண்டி எடுப்பது எப்படி: கமிஷன், காலக்கெடு, துறை பணத்தைக் கேட்டால் என்ன ஆகும்

சின்ன ஒப்பந்ததாரர்களுக்கு முதல் அரசு வேலை கிடைக்கும்போது பெரும்பாலும் சிக்கல் வருவது சிமெண்டிலோ ஆள்கூலியிலோ இல்லை, பேங்க் கேரண்டியில்தான். நாம் வேலையைச் சரியாக முடிக்காவிட்டால் குறித்த தொகையைத் தானே தருவதாக, வேலை தரும் துறைக்கு வங்கி எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் அது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வங்கி ஒன்று சொல்லும், துறை வேறொன்று கேட்கும், நடுவில் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை எடுத்து முடித்து, நீட்டித்து, திரும்ப வாங்கிய அனுபவத்தில் வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் குறைந்தால் நல்லது.

கடைசி வரை ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மத்திய அரசுத் துறை ஒன்றில் 80 லட்ச ரூபாய்க்கு ஒரு கட்டட வேலை. முடிக்க 10 மாதம். பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி 5 சதவீதம், அதாவது 4 லட்சம்.

1. டெண்டர் ஆவணத்தில் நான்கு இடங்களைப் படியுங்கள்

முதலில் தொகை. டெண்டர் போடும்போது கட்டும் முன்பணம் (இ.எம்.டி.) வேறு, வேலை கிடைத்த பிறகு கொடுக்கும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி வேறு. மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி இரண்டாவது இப்போது ஒப்பந்த மதிப்பில் 3 முதல் 5 சதவீதம். சிறு, குறு நிறுவனங்களுக்கு உள்ள இ.எம்.டி. விலக்கு பொருள் சப்ளைக்கும் சேவைக்கும்தான். உத்யம் பதிவு இருக்கிறதே என்று கட்டுமான வேலைக்கு இ.எம்.டி. கட்டாமல் டெண்டர் போட்டால் அது தள்ளுபடியாகும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்பது. மத்தியப் பொதுப்பணித் துறை போன்ற இடங்களில் ஏற்புக் கடிதம் வந்ததிலிருந்து கொஞ்ச நாள்தான் கிடைக்கும். அதைத் தாண்டி அவகாசம் கேட்டால், கேரண்டித் தொகையில் நாளுக்கு 0.1 சதவீதம் தாமதக் கட்டணம். நம் உதாரணத்தில் அது நாளுக்கு 400 ரூபாய். அந்த அவகாசமும் முடிந்துவிட்டால் வேலையும் போய்விடும், இ.எம்.டி.யும் போய்விடும்.

மூன்றாவது, எந்தத் தேதி வரை செல்ல வேண்டும் என்பது. ஒப்பந்தக் கடமைகள் எல்லாம் முடிந்து 60 நாள் வரை என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். வேலை முடிந்த பிறகு பழுது பார்த்துத் தரும் காலமும் அந்தக் கடமைகளில் சேருமா, சேராதா என்பதை ஆவணத்தில் தேடிப் பாருங்கள். சேரும் என்றால் கேரண்டி இன்னும் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஓடும், கமிஷனும் அதற்கேற்ப ஏறும். விலை போடும்போதே இது தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, கேரண்டியைத் தவிர வேறு எதை ஏற்பார்கள் என்பது. இதைப் பலர் படிப்பதே இல்லை. பொது நிதி விதிகளில் டி.டி., ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது, பேங்க் கேரண்டி ஆகியவற்றோடு, 2022-லிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகள் தரும் ஷ்யூரிட்டி பாண்டும் ஏற்கப்படுகிறது. இது ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

2. டெண்டர் போடும் முன்பே வங்கியில் பேசுங்கள்

கேரண்டி கொடுக்கும்போது வங்கி உங்களிடம் ரொக்கம் எதுவும் தருவதில்லை. ஆனாலும் அதை ஒரு கடனாகத்தான் பார்க்கும், ஏனென்றால் நாளைக்குத் துறை கேட்டால் வங்கி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே உங்களிடம் ஒரு பிடிமானம் கேட்கும். அதுதான் மார்ஜின்.

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, கேரண்டித் தொகை முழுவதற்கும் எஃப்.டி. போட்டு, வங்கி விடுவிக்கும் வரை அதை எடுக்க முடியாதபடி வங்கிக்கு லீன் எழுதித் தருவது. இதற்குக் கிளை மேலாளர் அளவிலேயே ஒப்புதல் கிடைக்கும், ஒரு சில நாளில் முடியும். இன்னொன்று, இவ்வளவு தொகை வரை கேரண்டி தரலாம் என்று வங்கியிடம் ஒரு லிமிட் வாங்குவது. அப்போது மார்ஜின் 10, 15, 25 சதவீதம் என்று குறையும், மீதிக்குச் சொத்து அடமானமோ வேறு ஜாமீனோ கேட்பார்கள். வரிக் கணக்குகள், பேலன்ஸ் ஷீட், கையில் உள்ள வேலைகளின் பட்டியல், சொத்து மதிப்பீடு என்று எல்லாம் பார்த்துத்தான் லிமிட் அனுமதிப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். ஏற்புக் கடிதம் வந்த பிறகு இதைத் தொடங்கினால் நிச்சயம் நேரம் போதாது.

முழுத் தொகைக்கும் எஃப்.டி. கேட்கிறார்கள் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த 4 லட்சத்துக்கும் எஃப்.டி. போட்டு, அதற்கு மேல் கமிஷனும் கட்டி கேரண்டி எடுப்பதைவிட, துறை ஏற்குமானால் அதே எஃப்.டி. ரசீதைத் துறையின் பெயரில் அடமானமாகப் பதிந்து நேரடியாகக் கொடுத்துவிடலாம். கமிஷன் மிச்சம், டெபாசிட் வட்டியும் உங்களுக்கே. ரசீது எந்தப் பெயரில், எந்த வாசகத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் துறையின் கணக்குப் பிரிவில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேங்க் கேரண்டியால் உண்மையான லாபம் கிடைப்பது குறைந்த மார்ஜினில் எடுக்கும்போதுதான். கையில் ஒரு லட்சத்தை முடக்கி 4 லட்சத்துக்கு உத்தரவாதம் கிடைக்கிறது, மீதி 3 லட்சம் வேலையில் சுழல்கிறது.

3. வங்கிக்குக் கொடுக்க வேண்டியவை

வங்கியின் அச்சிட்ட விண்ணப்பம், ஏற்புக் கடிதத்தின் நகல், டெண்டர் ஆவணத்தில் உள்ள கேரண்டி மாதிரி, பான், ஜி.எஸ்.டி. பதிவு, எஃப்.டி. ரசீது, லீன் கடிதம், முத்திரைத்தாள். கூட்டு நிறுவனம் என்றால் எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட்ட கடிதம், கம்பெனி என்றால் போர்டு தீர்மானம். முத்திரைத்தாள் எத்தனை ரூபாய்க்கு, யார் பெயரில் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வங்கி சொல்லும் மதிப்பில், கேரண்டித் தேதிக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

இவற்றோடு கவுண்டர் கேரண்டி என்று ஒரு தாள் கையெழுத்துக்கு வரும். அவசரத்தில் புரட்டாமல் கையெழுத்திடுகிற தாள் இதுதான். துறை கேட்டு நாங்கள் பணம் கொடுத்தால், உன்னிடம் கேட்காமலே உன் கணக்கிலிருந்தும் டெபாசிட்டிலிருந்தும் எடுத்துக்கொள்வோம், போதாததை வட்டியோடு நீ கட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கையெழுத்திடாமல் கேரண்டி கிடைக்காது. ஆனால் அதில் எந்தெந்தக் கணக்குகள் வருகின்றன, வட்டி எத்தனை சதவீதம், மனைவியோ அண்ணன் தம்பியோ தனி ஜாமீனாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு நகலும் கேட்டு வாங்குங்கள்.

4. வாசகத்தை அச்சிடும் முன் துறையிடம் காட்டுங்கள்

அரசு மாதிரியில் கேரண்டி நிபந்தனையற்றதாக இருக்கும். துறை எழுதிக் கேட்டால் போதும், ஒப்பந்ததாரர் என்ன சொன்னாலும் வங்கி மறுப்பில்லாமல் கொடுக்க வேண்டும். வங்கியின் சட்டப் பிரிவு அந்த மாதிரியில் தன் வழக்கப்படி சில வரிகளைச் சேர்க்கும். முக்கியமாகக் கடைசிப் பத்தி. அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

இதற்கு மேல் என்ன எழுதியிருந்தாலும், (அ) எங்கள் பொறுப்பு ரூ. 4,00,000-க்கு மேல் போகாது. (ஆ) இந்த உத்தரவாதம் 31-5-2026 வரை செல்லும். (இ) 31-8-2026 அன்றோ அதற்கு முன்போ எழுத்து மூலமான கோரிக்கை எங்களுக்குக் கிடைத்தால் மட்டுமே பணம் தருவோம்.

மொத்த ஆவணத்திலும் இந்த மூன்று வரியை நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். (ஆ) கேரண்டி செல்லும் தேதி, அதுவரை நடந்த தவறுக்குத்தான் வங்கி பொறுப்பு. (இ) கோரிக்கைத் தேதி, அதற்குள் துறையின் கடிதம் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கும் கமிஷன் உண்டு.

வங்கி சேர்த்த வரிகளோடு வரைவை மின்னஞ்சலில் துறைக்கு அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முத்திரைத்தாளில் அச்சிடச் சொல்லுங்கள். அச்சிட்டுக் கொண்டுபோன பிறகு ஒரு வரி பிடிக்கவில்லை என்று துறை திருப்பினால் புதுத்தாள், திரும்பக் கையெழுத்து, இன்னும் சில நாள். ரிசர்வ் வங்கி விதிப்படி 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கேரண்டியில் இரண்டு அதிகாரிகள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் விடுப்பில் இருந்தாலே ஒரு நாள் போய்விடும்.

5. கமிஷன்: எங்கே ஏறுகிறது

கமிஷன் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று இருக்கும். வங்கிக்கு வங்கி, மார்ஜினுக்கு மார்ஜின் அது மாறும். பெரும்பாலும் காலாண்டுக் கணக்கு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே பிடிப்பார்கள். காலாண்டில் ஒரு வாரம் உள்ளே போனாலும் முழுக் காலாண்டுக்கும் எடுக்கும் வங்கிகள் உண்டு. மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

நம் 4 லட்சத்துக்குக் கமிஷன் ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,000 ரூபாய். கேரண்டி செல்லும் காலம் ஒரு வருடம், கோரிக்கைக்கு 3 மாதம், ஆக 15 மாதத்துக்கு 10,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 1,800, மொத்தம் 11,800. இதே கேரண்டிக்குக் கோரிக்கைக் காலம் 12 மாதம் வேண்டும் என்று வங்கி சொன்னால் 24 மாதத்துக்கு 16,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 2,880, மொத்தம் 18,880. ஏழாயிரம் ரூபாய் அதிகம், மார்ஜின் பணமும் கூடுதலாக ஒன்பது மாதம் முடங்கும்.

சட்டப்படி கோரிக்கைக் காலம் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று வங்கியில் சொல்வார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் 2013-இல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது விதிவிலக்கைத்தான் அவர்கள் காட்டுவது. லார்சன் அண்ட் டூப்ரோ, பஞ்சாப் நேஷனல் வங்கி மேல் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஜூலை 2021-இல் இதைத் தெளிவாக்கியது. கோரிக்கையை வங்கி மறுத்த பிறகு துறை வழக்குப் போட எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைப் பற்றியதுதான் அந்த விதிவிலக்கு, கோரிக்கைக் காலம் கட்டாயம் 12 மாதம் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை என்பதே தீர்ப்பு. சின்ன கிளையில் இதைச் சொன்னவுடன் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்து, மண்டல அலுவலகத்தின் பதிலைக் கேட்பது உங்கள் உரிமை. டெண்டர் ஆவணமே 12 மாதம் கேட்டிருந்தால் வேறு வழியில்லை.

6. கொடுத்தால் மட்டும் போதாது, உறுதிச் செய்தி போக வேண்டும்

போலிக் கேரண்டிகள் வந்ததால் துறைகள் இப்போது தாளை மட்டும் நம்புவதில்லை. உங்கள் வங்கி, எஸ்.எஃப்.எம்.எஸ். என்ற வங்கிகளுக்கிடையிலான செய்தி வழியில் துறையின் வங்கிக்கு `IFN 760COV` என்ற செய்தி அனுப்ப வேண்டும். திருத்தமோ நீட்டிப்போ என்றால் `IFN 767COV`. துறையின் வங்கி ஐ.எஃப்.எஸ்.சி. எண் டெண்டர் ஆவணத்தில் இருக்கும், அதைக் கேரண்டி விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அசல் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, செய்தி போகாததால் 'இன்னும் வரவில்லை' என்று துறை எழுதுவது அடிக்கடி நடக்கிறது, அந்த நாட்களுக்கும் தாமதக் கட்டணம் ஓடும். செய்தி போனதற்கான அச்சுப் பிரதியை உங்கள் வங்கியில் வாங்கி, அசலோடு சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

2022-லிருந்து என்.இ.எஸ்.எல். தளம் வழியாக மின்னணுக் கேரண்டியும் வந்திருக்கிறது. முத்திரைத் தீர்வை, கையெழுத்து எல்லாம் அங்கேயே. துறையும் உங்கள் வங்கியும் அந்தத் தளத்தில் இருந்தால் அதையே கேளுங்கள். தாளுக்காக அலைய வேண்டியதில்லை.

7. நீட்டிப்பு, திரும்பப் பெறுதல்

வேலை இழுத்தால் கேரண்டியையும் நீட்டிக்க வேண்டும். செல்லும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். காலதாமதம் உங்களால் இல்லை, வரைபடம் தராமல் துறையே இழுத்தது என்றாலும் நீட்டியே ஆக வேண்டும். அந்தக் கூடுதல் கமிஷனை ஒரு செலவாகக் குறித்து வைத்துத் துறையிடம் கேட்டு எழுதுங்கள்.

வேலை முடிந்து காலமும் முடிந்ததும் அசல் கேரண்டியையும் விடுவிப்புக் கடிதத்தையும் துறையிடம் வாங்கி வங்கியில் ஒப்படையுங்கள். தானாகவே காலாவதியாகும் என்று விட்டால், கோரிக்கைத் தேதி முடியும் வரை, சில சமயம் அதற்குப் பிறகும், எஃப்.டி. மேல் உள்ள லீன் நீங்காது. முன்கூட்டியே ஒப்படைத்தால் சில வங்கிகள் மீதமுள்ள காலத்துக்கான கமிஷனில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. கேட்டால்தான் தருவார்கள்.

8. துறை கேரண்டியைப் பணமாக்கக் கேட்டால்

இது இரண்டு விதமாக வரும். வேலையை ரத்து செய்து பணத்தைக் கேட்பது ஒன்று. கடைசி வாரத்தில், 'நீட்டித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைக் கொடுங்கள்' என்று வங்கிக்கு எழுதுவது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் நடப்பது. அதற்கு மருந்து அன்றே நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, துறையிடமிருந்து கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் வாங்கி வங்கியில் கொடுப்பது. வாய்வார்த்தையை வங்கி கணக்கில் எடுக்காது.

முதல் விதமாக வந்தால் உங்களுக்கு இருப்பது ஒன்றிரண்டு வேலை நாள்தான். முறையான கோரிக்கைக்குத் தாமதமின்றிப் பணம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளை உங்களுக்குத் தகவல் சொல்லும். அனுமதி கேட்காது. 'நான் வேலையைச் சரியாகத்தான் செய்தேன்' என்று அங்கே வாதாடிப் பயனில்லை, அது உங்களுக்கும் துறைக்கும் உள்ள வழக்கு, வங்கி அதற்குள் வராது.

நீங்கள் பார்க்க வேண்டியது கோரிக்கைக் கடிதத்தைத்தான். உடனே நகல் வாங்குங்கள். கேரண்டியில் குறித்த தேதிக்குள் வங்கிக்குக் கிடைத்ததா? தொகை எல்லைக்குள் இருக்கிறதா? கேரண்டி கேட்கும் வாசகம் அதில் இருக்கிறதா? கையெழுத்திட்டவர் கேரண்டியில் சொன்ன அதிகாரிதானா? இந்தக் கடைசிக் கேள்வி சின்ன விஷயம் இல்லை. ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனிக்கும் பீகார் அரசுக்கும் நடந்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தலைமைப் பொறியாளர் கேட்க வேண்டிய கேரண்டியைச் செயற்பொறியாளர் கேட்டது செல்லாது என்றது. குறை தெரிந்தால் அதே நாளில் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். கோரிக்கைத் தேதி இன்னும் பாக்கி இருந்தால் துறை திருத்தி மறுபடி அனுப்பலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடிதம் சரியாக இருந்தால் மிச்சம் நீதிமன்றம்தான். நடுவர் தீர்ப்பு ஷரத்து இருந்தால் 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் தடை கேட்கலாம். ஆனால் தடை கிடைக்க, கேரண்டியின் அடிப்படையையே கெடுக்கும் அளவு அப்பட்டமான மோசடியோ, பின்னால் ஈடுசெய்யவே முடியாத அநீதியோ காட்ட வேண்டும். உத்தரப் பிரதேசச் சர்க்கரைக் கழகத்துக்கும் சுமாக் நிறுவனத்துக்கும் இடையிலான 1997 தீர்ப்பு உட்பட உச்ச நீதிமன்றம் இதில் மாறாமல் நிற்கிறது. பில் பாக்கி இருக்கிறது, வேலை 90 சதவீதம் முடிந்தது என்ற காரணங்களுக்கு வழக்கமாகத் தடை கிடைப்பதில்லை. 4 லட்சக் கேரண்டிக்கு வக்கீல் செலவையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

பணம் போனால் கணக்கு இப்படி நகரும். மார்ஜின் ஒரு லட்சம் என்றால் அந்த எஃப்.டி. முதலில் உடைக்கப்படும். மீதி 3 லட்சம் உங்கள் கேஷ் கிரெடிட் அல்லது நடப்புக் கணக்கில் பற்று வைக்கப்படும். இருப்பு இல்லையென்றால் அது கட்டாயக் கடனாக, கூடுதல் வட்டியோடு நிற்கும். 90 நாளுக்குள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகும், அடமானச் சொத்தின் மேல் நடவடிக்கை வரலாம், அடுத்த டெண்டருக்குக் கேரண்டியும் கிடைக்காது. ஆகவே பற்று வந்த வாரமே மேலாளரைப் பார்த்து, அந்த 3 லட்சத்தைத் தவணைக் கடனாக மாற்ற எழுதிக் கேளுங்கள். 90 நாள் நெருங்கிய பிறகு கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

துறையோடு உள்ள வழக்கு அத்தோடு முடிந்துவிடாது. துறை எடுத்த பணம் நியாயமில்லை என்று நடுவர் முன்போ சிவில் நீதிமன்றத்திலோ வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அங்கே பேசப்போவது ஆவணங்கள்தான்: தளப் பதிவேடு, அளவுப் புத்தகத்தின் நகல்கள், வரைபடம் கேட்டு எழுதிய கடிதங்கள், கால நீட்டிப்பு விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் துறை பெற்றுக்கொண்ட முத்திரை. வேலை ரத்துக் கடிதம் வந்த அன்றே இவற்றின் நகலைத் தளத்திலிருந்து எடுத்து வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு தளத்துக்குள் உங்களை விடுவார்களா என்பது நிச்சயமில்லை.